ஐம்பத்து நாலு

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கடைசிக் கூடத்தில் ஐந்து மேசைகள், ஐந்து பெண்கள். சரக்கு லாரியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது அவர்கள் வேலை. திங்கட்கிழமை காலை அந்த ஐந்து பேரின் பெயரையும் அச்சடித்து நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார்கள். சனிக்கிழமையோடு 'ரிலீஸ்'. வேலையை விட்டுத் துரத்துவதற்கு இங்கே அப்படி ஒரு பெயர். என்னவோ இவர்கள் கூண்டுக்குள் கிடந்து கதறியது போலவும், கம்பெனி மனமிரங்கித் திறந்துவிடுவது போலவும்.

காரணமும் கீழேயே எழுதியிருந்தது. ஒரு பீஸுக்கு இருபத்திரண்டு செகண்ட் ஆக வேண்டும். இவர்களுக்கு முப்பத்தெட்டு ஆகிறது.

சத்யப்பிரியா அதை நின்று படித்தாள். அவள் அங்கே ஐ.டி. பிரிவில் காண்ட்ராக்ட் ஆள். பிரிண்டர் சிக்கினாலும் அவள்தான், யாருடைய பாஸ்வேர்ட் மறந்தாலும் அவள்தான். குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, அதே பஸ்ஸில் திரும்பிப் போகிறவள். முப்பத்தொரு வயது. பட்டியலில் முதல் பெயர் மோகனப்ரியா என்று இருந்ததை இரண்டு தடவை படித்தாள். ஏனென்றால் மோகனப்ரியா கடந்த பதினாலு மாதத்தில் பதினோரு தடவை கம்ப்ளைன்ட் கொடுத்திருந்தாள். பதினொன்றையும் பதிவு செய்தது சத்யாதான். பதினொன்றையும் அவளுடைய மேனேஜர் ராஜசேகர் மூடினார். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரிதான்: கையாளுபவரின் தவறு.

"இன்னாக்கா, பாத்தியா?" பின்னாலிருந்து குரல் வந்தது. மோகனப்ரியாதான். பென்னலூர்ப் பெண், இருபத்து நாலு வயது, தலையில் நீல வலைத்தொப்பி.

"பாத்தேன்."

"ரெண்டு நாளு முன்னாடி கூட சொன்னேன். போட்டோ போவவே மாட்டேங்குதுக்கா, சுத்திகினே கீதுன்னு. நம்ம கை ஸ்லோவாம். எங்கம்மா கைக்குப் பூ கட்டுற ஸ்பீடு கீதுன்னு ஊரே சொல்லும், எனக்கும் அதே கைதான்."

சத்யா காகிதத்திலிருந்து அவள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வந்து உன் பக்கத்துல உக்காந்து பாக்குறேன் மோகனா" என்றாள். பதினாலு மாதமாக அதைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கம்ப்ளைன்ட் வந்தால் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட்டைத் திறந்தாள், மேலே அனுப்பினாள், மூடி வந்ததும் மறந்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறோமா என்று தன் மேலேயே ஒரு அருவருப்பு.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஸ்டூலைப் போட்டு மோகனப்ரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். மோகனா பாகத்தை எடுத்தாள், ஓட்டைகளில் அளவுக்கம்பி விட்டுப் பார்த்தாள், ஓரத்தைத் தடவினாள், தலைக்கு மேல் தொங்கும் டேப்லெட்டில் நாலு பக்கமும் படம் எடுத்தாள். பதினெட்டு செகண்ட். அந்தக் கை பறந்தது. அதற்குப் பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நாலு படமும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பச்சை டிக் விழுந்தால்தான் அடுத்த பீஸைத் தொட அந்த மென்பொருள் விடும். வட்டம் சுற்றியது. மோகனா அடுத்த பாகத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். வட்டம் சுற்றியது. இருபது செகண்ட் கழித்து டிக் விழுந்தது. பக்கத்து மேசையிலும் அதே கதை. ஐந்து பெண்களும் கையில் இரும்பை வைத்துக்கொண்டு ஒரு வட்டத்தையே வெறித்தபடி நின்றார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், குவாலிட்டி மேனேஜர் உதயசூரியன் நாள் தவறாமல் இவர்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சுடன் நின்றிருக்கிறார். மனிதர் கணக்கில் பொய் இல்லை. முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டுதான். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் கையை. தலைக்கு மேலே ஒரு திரை இருக்கிறது, அதில் ஒரு வட்டம் சுற்றுகிறது என்று ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. பொம்பளைகள் மெதுவாகத்தான் வேலை செய்வார்கள் என்று தலைக்குள் எழுதி வைத்துக்கொண்டு வருகிறவருக்கு நிமிர்ந்து பார்க்க என்ன அவசியம்?

மேசை ஓரத்தில் மோகனாவின் தண்ணீர் பாட்டில் வாய் வரை நிரம்பி இருந்தது. மதியம் சத்யா எழுந்தபோதும் அது அப்படியே இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைஃபை சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது. வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட், கூரையில் வெள்ளைத் தட்டுப் போல நேர் மேலேயே தொங்கியது. பதினாலு மாதத்துக்கு முன் வாங்கிப் போட்ட புதுசு. அதனால்தான் ராஜசேகர் எப்போதும், "சிக்னல் ஃபுல்லா இருக்கு, அப்புறம் என்ன?" என்பார். சத்யா தன் லேப்டாப்பைத் திறந்து அதே வைஃபையில் சேர்ந்தாள். சேரும்போதே ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது: இந்த நெட்வொர்க் பழைய பாதுகாப்பு முறையில் இயங்குகிறது, பத்திரமானதல்ல. அந்தப் பெட்டியை அவள் ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்ப்பாள். ஆறு தடவையும் மூடுவாள். கம்பெனியில் எல்லாரும் மூடுவார்கள். அன்றைக்கு முதல் முறையாக மூடாமல் படித்தாள்.

பிறகு இணைப்பின் விவரத்தைத் திறந்தாள். வேகம்: செகண்டுக்கு ஐம்பத்து நாலு மெகாபிட். டேப்லெட்டில் பார்த்தாள், ஐம்பத்து நாலு. அடுத்த டேப்லெட், ஐம்பத்து நாலு. ஐந்தும் ஐம்பத்து நாலு. தட்டுக்கு நேர் கீழே நிற்கிறோம், எண்ணூறுக்கு மேல் காட்ட வேண்டிய கருவி, ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல் ஐம்பத்து நாலில் நிற்கிறது. சிக்னல் மோசம் என்றால் எண் ஏறி இறங்கும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யாரோ தலையில் கை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த எண் அவளுக்குப் பழக்கமானது. இருபது வருடத்துக்கு முந்தைய வைஃபையின் உச்ச வேகம் அது. வைஃபையைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் பாதுகாப்பு அமைப்பைத் திறந்தாள். 'டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2 கலப்பு' என்று பெயருக்கு இருந்தது; குறியாக்கம் என்ற இடத்தில் டி.கே.ஐ.பி. மட்டும்.

டி.கே.ஐ.பி. என்பது ஒரு பழைய பூட்டு. அதற்கும் முந்தைய பூட்டை எல்லாரும் சுலபமாகத் திறக்கத் தொடங்கியபோது, கையில் இருந்த பழைய கருவிகளை வைத்தே சமாளிக்க அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. புதிய வைஃபை வேகங்களை வகுத்தவர்கள் கறாராகவே சொல்லிவிட்டார்கள்: இந்தப் பூட்டைப் போட்டால் புது வேகம் கிடையாது, பழைய ஐம்பத்து நாலோடு நில். நீ எவ்வளவு புதிய தட்டை வாங்கி மாட்டினாலும் சரி. அந்த ஐம்பத்து நாலும் காகிதத்தில்தான். நிஜத்தில் இருபது தேறும். அதையும் ஐந்து டேப்லெட்டும் பங்கு போட வேண்டும்.

சத்யா கணக்குப் போட்டாள். ஒரு பீஸுக்குப் பத்து எம்.பி. படம், அதாவது எண்பது மெகாபிட். ஒரே டேப்லெட் மட்டும் அனுப்பினால் நாலு செகண்டில் போய்விடும். ஐந்தும் சேர்ந்து அனுப்பினால் ஆளுக்கு இருபது. இப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் விளங்கியது. ராஜசேகர் ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஒரே ஒரு டேப்லெட்டை எடுத்து, ஒரே ஒரு படத்தை அனுப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே போகுது" என்று போயிருக்கிறார். எல்லாரும் வேலை செய்யும்போது வந்து நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

அவர் அறைக்குப் போனாள். ஏ.சி. குளிரில் ராஜசேகர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இன்ஸ்பெக்‌ஷன் வைஃபை டி.கே.ஐ.பி.ல இருக்கு சார். அதனாலதான் ஐம்பத்து நாலுக்கு மேல ஏற மாட்டேங்குது. ஏ.இ.எஸ்.னு இருக்கற புதுப் பூட்டுக்கு மாத்திட்டா போதும், அஞ்சு நிமிஷ வேலை."

"அதுல கை வைக்காதம்மா. ஸ்டோர்ஸ்ல ஏழு ஸ்கேனர் கன் இருக்கு, பார்கோடு அடிக்கிறது. அதுக்கு டி.கே.ஐ.பி. விட்டா வேற எதுவும் தெரியாது. மாத்துனா ஏழும் அவுட். ஸ்டோர்ஸ் நின்னுடும், அப்புறம் என் தலைதான் உருளும்."

"புது ஆக்சஸ் பாயிண்ட் போட்டப்பவும் இதே செட்டிங்கா சார்?"

"பழசோட பேக்கப்ப அப்படியே ஏத்தினோம். ஓடிகினு இருக்கறத ஏன் நோண்டணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஏழு துப்பாக்கிகள் நின்றால் ஸ்டோர்ஸ் நிற்கும்தான். ஆனால் அந்த ஏழு துப்பாக்கிகளையும் யாரும் கையில் பிடித்து அவள் பார்த்ததே இல்லை. புதன்கிழமை காலை நேரே ஸ்டோர்ஸுக்குப் போனாள். ஸ்டோர் கீப்பர் கோபால் போனில் பார்கோடு அடித்துக்கொண்டிருந்தார்.

"கோபாலண்ணா, அந்த ஏழு ஸ்கேனர் கன் எங்க?"

கோபால் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "எதுக்கும்மா? ஆடிட்டுக்கு வந்துட்டாங்களா அதுக்குள்ள?"

"இல்லண்ணா. பாக்கணும்."

சாவியை எடுத்து மூலையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது. சத்யா துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். அட்டைப் பெட்டிக்குள் ஏழு துப்பாக்கிகள் கிடந்தன. பேட்டரிகள் உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தன. இடுக்குகளில் ஏதோ கசிந்து காய்ந்து பிசுபிசுத்தது. பெட்டியின் அடியில் கரப்பான் முட்டைகள். ஒரு கரப்பான் நிதானமாக ஒரு துப்பாக்கியின் மூக்கிலிருந்து இறங்கி ஓடியது. ஒவ்வொரு துப்பாக்கி மேலும் வருடவாரியாக வெள்ளை ஸ்டிக்கர், ஒன்றின் மேல் ஒன்றாக. கடைசி ஸ்டிக்கர் போன ஆனி மாதத்தது. அதில் ராஜசேகரின் கையெழுத்து, பக்கத்தில் 'நன்கு இயங்குகிறது'.

"அண்ணா, இது எப்ப கடைசியா ஓடுச்சு?"

"அது ஆச்சு அஞ்சு வருஷம். கொரோனாவுக்கு முன்னாடியே செத்துடுச்சு."

"அப்புறம் ஏன் இயங்குதுன்னு போட்டிருக்கு?"

"ஸ்கிராப்னு எழுதணும்னா, வாங்கின ஆளு காரணம் எழுதி கையெழுத்துப் போடணும். வாங்கினது அவரு. எழுதுனா ஏன் செத்துச்சு, யாரு பாத்துக்கலன்னு கேள்வி வரும். அதுனால ஒவ்வொரு ஆடிட்டுக்கும் இதுங்கள எடுத்து, துடைச்சி, மேசை மேல வரிசையா வெச்சிடுவோம். ஆடிட்டர் வந்து ஏழான்னு எண்ணுவாரு. ஏழுன்னா டிக்கு. ஆன் பண்ணிப் பாக்க மாட்டாரும்மா. அவருக்கு எண்ணணும், அவ்ளோதான்."

கருமம். இதைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாக இருக்க முடியுமா? ஐந்து வருடமாகச் செத்துக் கிடக்கும் ஏழு பிணங்களுக்கு வருடா வருடம் மூஞ்சி துடைத்து, உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பிணங்களுக்குச் சிரமம் வரக் கூடாது என்று வைஃபையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதற்காக உயிரோடு இருக்கும் ஐந்து பெண்களை வெளியே அனுப்புகிறார்கள். சத்யா போனை எடுத்து ஏழையும் படம் பிடித்தாள், ஸ்டிக்கர் தெரியும்படி. வெளியே வந்து குழாயடியில் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

மறுபடி ராஜசேகர் அறை. படங்களைக் காட்டினாள். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கதவைச் சாத்தினார், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"தெரியுமா சார்?"

"புதுத் தட்டு மாட்டின அன்னிக்கே அந்த வெண்டர் பையன் சொன்னான். அப்ப ஆடிட் நேரம். அப்புறம் பாக்கலாம்னு விட்டேன். நாள் ஓடிடுச்சு. பதினாலு மாசமா நான் மீட்டிங்ல நெட்வொர்க் ஓகே, யூஸர் ப்ராப்ளம்னு சொல்லிகினு வரேன். இப்ப மாத்தி, நாளைக்கே டைம் பாதியா கொறஞ்சா, உதயசூரியன் இன்னா கேப்பாரு? இத்தன நாளு இன்னா பண்ணேன்னு கேக்க மாட்டாரா? அடுத்த மாசம் ஆடிட் முடியட்டும். சத்தமில்லாம மாத்திக்கலாம்."

"சனிக்கிழம அஞ்சு பேரு வேலை போகுது சார்."

"காண்ட்ராக்ட் தானேம்மா. இங்க இல்லன்னா இருங்காட்டுக்கோட்டை. பொண்ணுங்களுக்கு வேலைக்கா பஞ்சம்?"

சொல்லிவிட்டு மீதி பிஸ்கட்டை டீயில் முக்கினார். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்பூனால் துழாவி எடுத்துத் தின்றார். சத்யாவுக்கு அந்த மனிதரின் வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்த ஆளுக்கு மூன்று வருடமாக குட்மார்னிங் சொல்லியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்தாள்.

பழைய நெட்வொர்க்கில் கை வைக்காதே என்றுதானே சொன்னார்? கை வைக்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் கண்ட்ரோலரில் புதிதாக ஒரு வைஃபை பெயரை உருவாக்கினாள். டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். மட்டும். டி.கே.ஐ.பி.க்கு அதில் இடமே இல்லை. பழைய பெயர் அதன் பழைய பூட்டோடு அப்படியே கிடந்தது, பீரோவுக்குள் இருக்கும் பிணங்கள் விரும்பினால் சேர்ந்துகொள்ளட்டும் என்று. ஐந்து டேப்லெட்டையும் ஒவ்வொன்றாகப் புதிய பெயரில் சேர்த்தாள். வேகம் என்ற இடத்தைப் பார்த்தாள். எண்ணூற்று அறுபத்தாறு.

மணி அடித்து ஐந்து பேரும் வந்தார்கள். மோகனா பாகத்தை எடுத்தாள், பார்த்தாள், படம் எடுத்தாள், வழக்கம் போல அடுத்த பாகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்க வேண்டியிருக்கவில்லை. வட்டம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பச்சை டிக் விழுந்துவிட்டது. அவள் நம்பாமல் திரையையே பார்த்தாள். பிறகு சத்யாவைப் பார்த்தாள்.

"இன்னாக்கா பண்ண?"

"செய்ய வேண்டியத லேட்டா பண்ணேன். நீ வேலையப் பாரு."

சாயங்காலம் வரை ஐந்து மேசையிலும் சராசரி பத்தொன்பது, இருபது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர்கள் இருக்கிறார்களே.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உதயசூரியன் ஸ்டாப்வாட்சோடு வந்தார். மோகனாவுக்குப் பின்னால் நின்றார். பத்தொன்பது. அடுத்த மேசை. இருபது. மறுபடி மோகனா. பத்தொன்பது. அவர் முகம் சிவந்தது. ராஜசேகரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்ததும் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படியே பேசினார்.

"பாத்தியா ராஜசேகர்? லிஸ்ட் போட்டதும் கை பறக்குது. அப்போ முடியும். முடிஞ்சும், பதினாலு மாசமா வேணும்னே இழுத்தடிச்சிருக்காளுங்க. சும்மா ரிலீஸ் பண்ணக் கூடாது. வேணும்னே உற்பத்திய கெடுத்தாங்கன்னு லெட்டர்லயே எழுதி அனுப்பறேன். அதக் காட்டி எவன் வேலைக்கு எடுக்கறான்னு பாக்கறேன்."

வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்: அந்த லெட்டர் கையில் இருந்தால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு கேட்டும் திறக்காது. மெதுவாக இருந்தபோது கை சரியில்லை என்றார்கள். வேகமானதும் மனசு சரியில்லை என்கிறார்கள். ஐந்து பெண்களும் கையில் இரும்போடு அப்படியே நின்றார்கள். சத்யா ராஜசேகரைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போனை எடுத்து அதில் எதையோ தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார். த்தூ என்று துப்பத் தோன்றியது அவளுக்கு.

"சார்," என்றாள் சத்யா, உதயசூரியனிடம். "நீங்க லைன்ல இருந்து வந்தவர்தானே? இந்த வேலைய எத்தன செகண்ட்ல முடிப்பீங்க?"

"நானா? பதினாறு. தூக்கத்துல கூட."

"ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார். இவங்க நாலு பேரும் பக்கத்துல செய்யட்டும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அந்தப் பெருமைதான் அவரை மோகனாவின் மேசை முன் உட்கார வைத்தது. சத்யா ஒவ்வொரு டேப்லெட்டாகப் போய்ப் பழைய வைஃபைக்கு மாற்றிவிட்டு வந்தாள். அவர் கையில் இருந்த ஸ்டாப்வாட்சை வாங்கி மோகனாவிடம் கொடுத்தாள். மோகனா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

உதயசூரியன் ஆரம்பித்தார். பொய்யில்லை, நல்ல கைதான். பதினேழு செகண்டில் நாலு படமும் எடுத்துவிட்டார். வட்டம் சுற்றத் தொடங்கியது. அவர் அடுத்த பாகத்தை எடுத்தார். திரை ஏற்கவில்லை. வட்டம் சுற்றியது. திரையைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். "இன்னாது இது?" என்றார். வட்டம் சுற்றியது. பச்சை டிக் விழுந்தது.

"முப்பத்தேழு சார்" என்றாள் மோகனா.

சத்யா ஐந்து டேப்லெட்டையும் புதிய வைஃபைக்கு மாற்றினாள். "இன்னொரு தடவ சார்."

"பதினெட்டு சார்."

"உங்க கை அதே கைதான் சார்," என்றாள் சத்யா. "வைஃபைல பழைய பூட்டு போட்டு வெச்சிருந்தோம். அதப் போட்டா வேகம் இவ்ளோதான்னு விதி. நேத்து மதியம் நான் தனியா ஒரு புதுப் பேரு போட்டு, இவங்கள அதுல சேத்தேன். அவ்ளோதான் நடந்துச்சு."

"யார் பர்மிஷன் குடுத்தது?" ராஜசேகருக்கு இப்போது குரல் வந்துவிட்டது.

சத்யா போனைத் திறந்து படங்களை உதயசூரியனிடம் நீட்டினாள். "பழைய பூட்டு எதுக்குன்னா சார், ஸ்டோர்ஸ்ல இருக்கற இந்த ஏழு கன்னுக்கு. செத்து அஞ்சு வருஷமாச்சு. ஸ்டிக்கர்ல யாரு கையெழுத்துன்னு பாத்துக்கோங்க."

உதயசூரியன் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ராஜசேகரைப் பார்த்தார். பிறகு அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து, மோகனாவிடமிருந்து ஸ்டாப்வாட்சை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கூடத்தை விட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு நோட்டீஸ் போர்டில் காகிதம் இல்லை. நாலு குண்டூசி மட்டும் இருந்தது. ஐந்து பேருக்கும் வேலை தங்கியது. மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் யாருக்கும் உச்சரிக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. ஐ.டி. மேனேஜர் ராஜசேகரின் தலைமையில் தொழிற்சாலை முழுக்க வைஃபை பாதுகாப்பு நவீன முறைக்கு மாற்றப்பட்டது, டி.கே.ஐ.பி. நீக்கப்பட்டது, இனி டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ்.-உம் டபிள்யூ.பி.ஏ.3-உம் மட்டுமே, ஒரு பீஸுக்குப் பதினெட்டு செகண்ட் மிச்சம், வாழ்த்துகள். நிர்வாகத்தின் பாராட்டும் கீழே. சத்யாவுக்குத் தனியாக ஒரு கடிதம்: அனுமதியின்றி நெட்வொர்க் உருவாக்கியதற்கு முதல் எச்சரிக்கை. கையெழுத்து ராஜசேகர். செத்த ஸ்கேனர் கன்களை என்ன செய்வது என்று கேட்ட கோபாலிடம், ஆடிட் முடியட்டும் என்றாராம்.

பதினோரு மணிக்கு ராஜசேகரே இன்ஸ்பெக்‌ஷன் கூடத்துக்கு வந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடு. வாயெல்லாம் பல். "எடுத்துக்கோங்கம்மா, எடுத்துக்கோங்க. நம்ம எல்லாரோட வெற்றி" என்று ஆளுக்கொரு மைசூர்பாகு கையில் வைத்துவிட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். சத்யாவின் கையிலும் ஒன்று இருந்தது. நெய் விரலில் ஒட்டியது. துடைக்கத் துணி தேடினாள்.

அப்போதுதான் கவனித்தாள். மேசை ஓரத்துப் பாட்டிலில் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

"தண்ணி குடிக்கிற போல இன்னிக்கு" என்றாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"குடிக்கலாமே இப்போ" என்றாள் மோகனா. "இத்தினி நாளு குடிச்சா பாத்ரூம் போவணும். போனா நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம் போனா கணக்கு இன்னும் மோசமாவும். அதுனால காலைல ஏழு மணிக்கு ஒரு வாய், அப்புறம் வூட்டுக்குப் போயிதான். நாங்க அஞ்சு பேருமே அப்படித்தான்க்கா. எனக்கு ரெண்டு தடவ யூரின்ல ரத்தம் வந்துச்சு. டாக்டரு திட்டுனாரு, தண்ணியே குடிக்க மாட்டியாம்மான்னு. கை ஸ்லோன்றாங்க, அதான் குடிக்கல சார்னா சொல்ல முடியும்?"

சத்யா அந்தப் பாட்டிலையே பார்த்தாள். வாய் வரை நிரம்பியிருந்ததைச் செவ்வாய்க்கிழமை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். பதினோரு கம்ப்ளைன்டைப் பதிவு செய்தவளும் அவள்தான். கையில் இருந்த மைசூர்பாகு இளகிக்கொண்டிருந்தது.

மோகனா தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பி மறு பக்கம் பார்த்தாள், விரலால் ஓரத்தைத் தடவினாள், தினமும் பாகத்தைப் பார்ப்பது போலவே நிதானமாக. பிறகு மேசைக்குக் கீழே, தேறாத பாகங்களைப் போடும் சிவப்புத் தொட்டிக்குள் அதைப் போட்டாள். மற்ற நாலு பேரும் எழுந்து வந்து தங்களுடையதைப் போட்டார்கள். கடைசியாகச் சத்யா போட்டாள்.

மோகனா பாட்டிலை எடுத்து, மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த பீஸைக் கையில் எடுத்தாள்.